வயரிங் பயிற்சி, மணப்பாறை: 20 பேருக்கான செலவுத் திட்டம்

டிரஸ்ட் உறுப்பினர்களுக்கு,

ஜூலை 7-ல் தொடங்கி 72 வேலை நாள், தீபாவளிக்கு முன்னால் முடித்துவிடலாம். மொத்தம் 4,41,600 ரூபாய், தலைக்கு 22,080. எங்கே போகிறது என்று கீழே எழுதியிருக்கிறேன், வெட்டச் சொல்வதற்கு முன்னால் முழுக்கப் படித்துவிடுங்கள்.

பெரிய தொகை உதவித்தொகைதான். நாளுக்கு 120 வீதம் 20 பேருக்கு 1,72,800. போன முறை இதைப் பாதியாகக் குறைத்தோம், இரண்டாவது மாதத்திலேயே ஏழு பேர் சித்தாள் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் அரிசி வாங்க வேண்டிய பையனிடம் சர்டிபிகேட் வரும் பொறுத்துக்கோ என்று எத்தனை நாள் சொல்வது? வந்த நாளுக்கு மட்டும் பணம், சனிக்கிழமைதோறும் அவரவர் வங்கிக் கணக்கில். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம்தானே, அவர்களுக்குக் குறைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், எல்லோருக்கும் ஒரே தொகை.

அப்புறம் கருவிகள். ஆளுக்கு ஒரு கிட்: கட்டிங் பிளேயர், டெஸ்டர், ஸ்க்ரூடிரைவர் செட், மல்டிமீட்டர், இடுப்பில் கட்டும் பை. ஜிஎஸ்டி சேர்த்து 2,400, ஆக 48,000. பயிற்சி முடிந்ததும் கிட் அவர்களுக்கே சொந்தம். போன முறை எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினோம், வேலை கேட்டுப் போன இடத்தில் மேஸ்திரி கேட்ட முதல் கேள்வியே "கையில சாமான் இருக்கா?" என்பதுதான். பொதுவாக டிரில்லிங் மெஷின் இரண்டு 9,000, கிளாம்ப் மீட்டர் இரண்டு 4,000, பழகுவதற்கான வயர், சுவிட்ச், எம்சிபி, பலகை 36,000. ரப்பர் அடி ஷூவும் கையுறையும் 14,000, இதில் பேரம் வேண்டாம்.

பயிற்றுநர் சம்பளம் மாதம் 25,000, மூன்று மாதத்துக்கு 75,000. இடம் இலவசம், கரண்ட் பில்லுக்கு 6,000.

தேர்வு, சான்றிதழ் கட்டணம் ஆளுக்கு 1,200 வீதம் 24,000. ஐந்து பேராவது செய்முறையில் தவறுவார்கள், பயத்தில் கை நடுங்கி நியூட்ரலையும் எர்த்தையும் மாற்றிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மறுபடி எழுத 6,000.

முடிந்த பிறகு ஆறு மாதம் பின்தொடர ஒரு பகுதிநேர ஆள், மாதம் 6,000. அவருக்குப் பெட்ரோல் 1,500, ரீசார்ஜ் 300. சேர்த்து 46,800. போனில் விசாரித்தால் "வேலைல இருக்கேன் சார்" என்றுதான் சொல்வார்கள், நேரில் போனால்தான் சம்பளம் வந்ததா, இல்லை மூட்டை தூக்க விட்டிருக்கிறார்களா என்று தெரியும். வெட்டியே ஆக வேண்டும் என்றால் 20 பேரை 16 ஆக்குங்கள், இந்தத் தொகையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கிட்டுக்கும் ஷூவுக்கும் ஆர்டர் கொடுக்க ஜூன் 20-க்குள் முதல் தவணையாக 1,50,000 வேண்டும். ரசீதெல்லாம் மாதக் கடைசியில் பொருளாளர் கைக்கு வந்துவிடும்.