ஏழு நாள் புத்தக அட்டைத் தொடர்: அழைப்புக்குப் பதில்

மலர் அக்கா,

நாளுக்கு ஒரு புத்தக அட்டையைப் போட்டு, ஒருவரையும் அதேபோல் போட அழைக்கிற உங்கள் ஏழு நாள் தொடரில், மூன்றாம் நாள் அட்டையின் கீழ் என் பெயரைப் பார்த்தேன். ஏழே பேரை அழைக்கிற இடத்தில் என்னையும் நினைத்தீர்களே, ரொம்ப நன்றி. ஆனால் இந்தத் தொடரில் என்னால் சேர முடியாது அக்கா. எல்லார் முன்னாலும் விளக்கினால், ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். அதனால்தான் உள்பெட்டியில் எழுதுகிறேன். உங்கள் பதிவில் "அழைப்புக்கு நன்றி அக்கா. நான் வாசகனாகக் கூடவே வருகிறேன்" என்று மட்டும் போட்டிருக்கிறேன்.

அட்டை போடுவதில் எனக்குத் தயக்கமில்லை. நாளுக்கு ஒருவரை அழைப்பதுதான் கை வரவில்லை. நீங்கள் ஏழு பேரை அழைத்து, அவர்களும் ஆளுக்கு ஏழு பேரை அழைத்தால் 49. அடுத்த சுற்றில் 343, அதற்கும் அடுத்து 2,401. நம் வட்டத்தில் புத்தகம் படிக்கிறவர்கள் நூறு பேர் இருந்தாலே பெரிது. சீக்கிரமே ஒருவருக்கே மூன்று நான்கு அழைப்பு போய்விடும். நேரமில்லாதவர் மறுக்கக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருப்பார். அழைத்தவரோ, நம்மை மதிக்கவில்லையோ என்று மனம் நோவார். அதனால் இப்படி யார் அழைத்தாலும் இதே பதிலைத்தான் சொல்கிறேன். இது என் தயக்கம் மட்டும்தான். உங்கள் அட்டைகளைப் பார்த்து நாலு பேர் "எங்கே கிடைக்கும்?" என்று கேட்பதே இந்தத் தொடர் செய்த நல்ல காரியம்.

டேகை நான் எடுக்கவில்லை, அது இருக்கட்டும். எனக்குப் பதில் வேறு யாரையாவது அழைக்க விரும்பினால் பதிவைத் திருத்திப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். எனக்குத் துளியும் வருத்தமில்லை.

முதுகு கிழிந்த அந்தப் பழைய புத்தகத்தை எப்படி ஒட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். சில வருடங்களில் அதன் பசை பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடும். டேப் உரிந்து விழுந்தாலும் கறை போகாது. ஒரு ஸ்பூன் மைதாவை ஐந்து ஸ்பூன் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் பளபளப்பாகும்வரை கிண்டி ஆறவிடுங்கள். மெல்லிய தாள் பட்டையில் லேசாகத் தடவிக் கிழிசலின்மேல் ஒட்டி, பட்டர் பேப்பர் வைத்து, மேலே கனமான புத்தகங்களை ராத்திரி முழுக்க அடுக்குங்கள். பசை தடித்தால் தாள் சுருங்கும். ஈரம் காயாமல் அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், மாவு வாசனைக்குப் பூச்சியும் வரும். பைண்டிங் கடையில் இதற்காகப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், வீட்டில் தொட வேண்டாம்.

ஒட்ட யோசனையாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை எடுத்து வாருங்கள், சேர்ந்தே செய்துவிடலாம். நாளைக்கு எந்த அட்டை என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
செந்தில்