சத்தியப் பிரமாண வாக்குமூலம் (திருத்திய வரைவு)

மாவட்ட உரிமையியல் நீதிமன்றம், தாம்பரம்
அசல் வழக்கு எண் 118/2024

சேலையூரில் வசிக்கும், முருகேசன் மகள், 41 வயதுடைய கலைச்செல்வி ஆகிய நான் சத்தியமாகச் சொல்வது:

1. இந்த வழக்கின் வாதி நான். தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக வேலை பார்க்கிறேன்.

2. குரோம்பேட்டையில் பிரதிவாதிக்குச் சொந்தமான வீட்டின் முதல் மாடியில் 1.6.2021 முதல் 31.5.2024 வரை குடியிருந்தேன். வாடகை மாதம் ரூ.12,000. எழுதியது 11 மாத ஒப்பந்தம் (ஆவணம் 1). அப்புறம் புதிதாக எழுதவில்லை, வாய்ப்பேச்சிலேயே தொடர்ந்தது.

3. அட்வான்ஸ் ரூ.60,000 கொடுத்தேன். ரூ.40,000-ஐ 24.5.2021 அன்று வங்கி மூலம் அனுப்பினேன் (ஆவணம் 2). ரூ.20,000-ஐ 30.5.2021 அன்று அவர் கையில் ரொக்கமாகக் கொடுத்தேன். ரொக்கத்துக்கு ரசீது இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் முழுத் தொகையும் குறிப்பிடப்பட்டுள்ளது.

4. வாடகை பாக்கி எதுவும் இல்லை (வங்கிக் கணக்கு அறிக்கை, ஆவணம் 3).

5. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மொட்டை மாடியிலிருந்து நீர் இறங்கி, படுக்கையறையின் மேற்குச் சுவர் ஊறியது. 6.12.2023 அன்று அந்தச் சுவரைப் படம் எடுத்து பிரதிவாதிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "வெயில் வந்ததும் பார்க்கலாம்" என்று அன்றே பதில் அனுப்பினார் (ஆவணம் 4). நான் காலி செய்யும்வரை யாரும் வந்து சரிசெய்யவில்லை. பூச்சு உதிர்ந்தது அந்த ஒரு சுவரில்தான்.

6. சமையலறைக் குழாய் ஒன்று நான் இருந்தபோது உடைந்தது. அதை என் செலவில் மாற்றிவிட்டேன்.

7. மே மாத இறுதியில் காலி செய்வதாக 1.4.2024 அன்று வாட்ஸ்அப்பில் தெரிவித்தேன் (ஆவணம் 5). 31.5.2024 மாலை மின்கட்டணம் கட்டிய ரசீதையும் இரண்டு சாவிகளையும் பிரதிவாதியிடமே கொடுத்தேன். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அப்போது குறை எதுவும் சொல்லவில்லை.

8. 5.6.2024 அன்று போனில் அட்வான்ஸைக் கேட்டேன். சுவர் பூச்சுக்கும் பெயின்டுக்கும் முழுத் தொகையும் சரியாகப் போய்விட்டது என்றார். பில் கேட்டேன், இன்றுவரை தரவில்லை.

9. என் வழக்கறிஞர் அனுப்பிய அறிவிப்பை அவர் 11.7.2024 அன்று பெற்றுக்கொண்டார் (ஒப்புகை அட்டை, ஆவணம் 6). பதில் வரவில்லை.

10. அந்தச் சுவர் இன்னும் பூசப்படாமலே இருப்பதாக, இப்போது அங்கே குடியிருப்பவர் 2024 ஆகஸ்டில் என்னிடம் சொன்னார். நான் நேரில் பார்க்கவில்லை.

11. எனக்கு வர வேண்டியது ரூ.60,000. அதில் ஒரு ரூபாயும் வரவில்லை.

பத்தி 1 முதல் 9 வரையும் 11-உம் நானே நேரில் அறிந்தவை. பத்தி 10 பிறர் சொல்லக் கேட்டது. வாட்ஸ்அப் பதிவுகள் என் கைபேசியிலிருந்து எடுத்தவை. படித்துப் பார்த்து, தாம்பரத்தில் 18.11.2024 அன்று கையொப்பமிடுகிறேன்.

மு. கலைச்செல்வி
வாதி