மூக்கைச் சுற்றிப் பொருக்குப் புண் இருக்கிறதா? பெற்றோர் கவனத்திற்கு

இந்த வாரம் ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் நான்கு பிள்ளைகளுக்கு இம்பெடிகோ என்ற தொற்றுப் புண் வந்திருக்கிறது. நாம் சிரங்கு என்போமே, அதில் ஒரு வகை.

முதலில் மூக்கு, வாயைச் சுற்றிச் சிவந்த புண்ணோ சிறு கொப்புளமோ வரும். அது உடைந்து நீர் கசிந்து, தேன் காய்ந்தது போல மஞ்சள் பொருக்குக் கட்டும். கை கால்களிலும் வரலாம். அம்மை என்று நினைத்து வேப்பிலை கட்டிக் காத்திருக்க வேண்டாம். இது பாக்டீரியாவால் வருவது; மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பும் வேண்டாம்.

ஆன்டிபயாடிக் தொடங்கி 48 மணி நேரம் ஆகும் வரை, அல்லது எல்லாப் புண்ணும் காய்ந்து ஆறும் வரை, பிள்ளையை வீட்டிலேயே வையுங்கள். தேர்வு இருந்தாலும் பரவாயில்லை, வகுப்பாசிரியரிடம் நான் பேசிக்கொள்கிறேன். புண் ஆறிவிட்டாலும் மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள்.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். துண்டு, தலையணை உறை தனியாக இருக்கட்டும், வெந்நீரில் துவையுங்கள்.

காய்ச்சல், முகவீக்கம், சிறுநீர் காபி நிறத்தில் போவது, இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பள்ளிச் செவிலியர்