இரண்டரை அடி

பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இரண்டரை அடி அகலம், நாலடி நீளம். அந்த இடத்தில் ஆறு ஆண்டுகளாக நான்கு பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றிருந்தன. டீச்சர் அளவு நாடாவை மூன்றாவது முறையாக நீட்டியபோது மருமகள் கேட்டுவிட்டாள்.

"அத்தை, இந்தப் பெட்டிகளை எங்கே வைப்பது? பரணில் இனி ஊசி நுழையவும் இடமில்லை."

"ஒன்றைக் காலி செய்துவிட்டேன். மற்ற மூன்றும் கட்டிலுக்கு அடியில் போகும். அளந்து பார்த்தேன்."

மருமகள் பதில் சொல்லவில்லை. இரண்டு அறைகள், ஐந்து பேர். குழந்தைகள் தூங்கிய பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்துதான் அவள் மிச்சமிருக்கும் அலுவலக வேலையை முடிப்பாள். அது டீச்சருக்கும் தெரியும். ஆனாலும் அந்த மூலையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் அவர் படித்ததெல்லாம் நாளைய வகுப்புக்காக. ஒரு பக்கத்தில் மனம் லயித்து நின்றால், இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்ற எண்ணம் உடனே குறுக்கே வந்து நிற்கும்.

உடைந்த கட்டிலின் பலகை இருக்கையாயிற்று. ஜன்னல் இடப்பக்கம் வரும்படி போட்டார். பென்சிலால் கோடிடும்போது கையின் நிழல் எழுத்தின்மேல் விழக்கூடாது. அலமாரிக்கு எட்டு அங்குல ஆழம் போதும் என்று தச்சரிடம் சொன்னார். மூன்றடிப் பலகை புத்தகச் சுமையில் நடுவில் தொய்ந்துவிடும் என்று தச்சர் சொன்னதால், இடையில் ஒரு தாங்கல் வைக்கச் சொன்னார். மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஓதம் பிடிக்கும். புத்தகங்களை ஒட்டி வைக்காமல் பின்னால் இரண்டு விரல் இடைவெளி விட்டார். நாற்பது புத்தகங்களுக்குத்தான் இடம் இருந்தது. எவற்றை வைப்பது என்று முடிவு செய்யவே ஒரு வாரம் பிடித்தது. பாடநூல் ஒன்றுகூட அதில் இல்லை.

முதல் நாள் மாலை சாய்ந்து உட்கார்ந்து ஒரு நாவலைத் திறந்தார். பேரன் அழுதான், குக்கர் கூவியது, தொலைக்காட்சி ஓடியது. நாற்பது பக்கங்கள் போனதே தெரியவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தவர் மூலையில் விளக்கு எரிவதைக் கண்டார். மருமகள் கால்களை மடக்கிப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். மடிக்கணினி மூடியபடி தரையில் கிடந்தது. டீச்சர் தண்ணீர் குடிக்காமலே திரும்பிப்போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை நாவலை எடுத்தபோது அதில் இரண்டு அடையாளங்கள் இருந்தன. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவருடைய பட்டு நூல். முப்பத்தொன்றாம் பக்கத்தில், நான்காக மடித்த பஸ் டிக்கெட்.

டிக்கெட் நழுவிவிடாமல் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அன்று இரண்டே பக்கங்கள் படித்து, பட்டு நூலை வைத்து மூடினார். மறுநாளும் அப்படியே.