யாழினி, எல்.கே.ஜி.: இரண்டாம் பருவ முன்னேற்றக் குறிப்பு

யாழினியின் அம்மா, அப்பாவுக்கு வணக்கம்.

ஜூன் மாதம் அம்மாவின் துப்பட்டாவை விடாமல் வாசலிலேயே அழுதுகொண்டு நின்ற யாழினி, இப்போது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேராக மணல் விளையாடப் போய்விடுகிறாள். லீவு முடிந்து வரும் நாள்களில் மட்டும் கொஞ்சம் கண் கலங்கும். ஆயாம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்து வந்தால் சரியாகிவிடுவாள்.

இந்தப் பருவத்தில் எனக்கு மிகவும் சந்தோஷம் தந்தது அவள் கோபத்தைக் கையாளும் விதம். முன்பெல்லாம் அடுக்கிய கட்டைகள் சரிந்தால் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவாள். போன மாதம் ஒரு பையன் ஓடி வந்து இடித்ததில் அவள் கட்டிய கோபுரம் விழுந்துவிட்டது. கையில் ஒரு கட்டையை எடுத்தாள், ஓங்கவும் செய்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "மிஸ், எனக்குக் கோபமா வருது" என்றாள். கட்டையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அழட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் இடித்த பையனையே கூப்பிட்டு, இருவருமாக மறுபடி கட்டினார்கள். எல்லா நாளும் இப்படி நடப்பதில்லை. பசியோ தூக்கமோ இருந்தால் இன்னும் எறிகிறாள். நான்கு வயதில் அது இயல்புதான். ஆனாலும் அடிப்பதற்கு முன் வாயால் சொல்ல வருகிறதே, அது பெரிய விஷயம்.

ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்கிறாள். சிவப்பு வாளியை மட்டும் யாருக்கும் தர மனம் வருவதில்லை. பிடுங்கிக் கொடுக்காமல், "நீ முடித்ததும் யாருக்குத் தருவாய்?" என்று கேட்டு வருகிறோம். சில நாள் தானே கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.

யாராவது விழுந்தால் முதலில் ஓடிவந்து எங்களிடம் சொல்வது யாழினிதான். அக்டோபரில் புதிதாகச் சேர்ந்த பெண் சாப்பிடாமல் இருந்தபோது, தன் டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். நாங்கள் யாரும் சொல்லவில்லை.

இரண்டு மூன்று பேருடன் வாய் ஓயாமல் பேசுபவள், எல்லோரும் வட்டமாக உட்காரும்போது குரலை இறக்கிவிடுகிறாள். வற்புறுத்துவதில்லை. அடுத்த பருவத்தில், அவளுக்குப் பிடித்த பொம்மையைக் காட்டி ஒரு வரி சொல்லச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

வீட்டில் ஒன்று செய்தால் உதவியாக இருக்கும். வெளியாட்கள் அவளிடம் பேர் கேட்டால், நீங்களோ பாட்டியோ முந்திக்கொண்டு சொல்லாமல் கொஞ்சம் காத்திருங்கள். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, "வெட்கப்படுகிறாள்" என்று அவள் முன்னால் சொல்ல வேண்டாம். கோபத்தில் அழுதால், "அழாதே" என்பதற்குப் பதில், "கட்டை விழுந்ததால் கோபமா?" என்று கேட்டுப் பாருங்கள். இங்கும் அப்படித்தான் கேட்கிறோம்.

சனிக்கிழமை பெற்றோர் சந்திப்புக்கு வரும்போது, வீட்டில் அவள் எதற்குக் கோபப்படுகிறாள், எப்படிச் சமாதானமாகிறாள் என்று சொல்லுங்கள். பாட்டியையும் அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
வகுப்பு ஆசிரியை