கணவரை இழந்தவருக்கான மாதாந்த பொதுசன உதவிப்பணம் கோரும் விண்ணப்பம்

7ஆம் லயம், 4ஆம் காம்பரா,
மேற்பிரிவு, செம்மலைத் தோட்டம்,
கந்தப்பளை.
2025.08.18

பிரதேச செயலாளர்,
பிரதேச செயலகம்,
நுவரெலியா.

கிராம உத்தியோகத்தர் ஊடாக

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

மேற்படி முகவரியில் வசிக்கும் சிவலிங்கம் சரஸ்வதி ஆகிய நான் (தேசிய அடையாள அட்டை இலக்கம் 198157400123), என் கணவர் பெரியசாமி சிவலிங்கம் 2025 பெப்ரவரி 18ஆம் திகதி மாரடைப்பினால் காலமானதையடுத்து, சமூக சேவைப் பிரிவின் மாதாந்த பொதுசன உதவிப்பணத்தை எனக்கு வழங்கியருளுமாறு இவ்விண்ணப்பத்தைப் பணிவுடன் சமர்ப்பிக்கின்றேன். எனக்கு 44 வயது. நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

கணவர் தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளி அல்லர். கந்தப்பளையைச் சுற்றியுள்ள மரக்கறித் தோட்டங்களில் லீக்ஸ், கரட் பிடுங்கி மூட்டை கட்டும் நாட்கூலி வேலையே செய்துவந்தார். ஆகையால் அவர் பெயரில் ஊழியர் சேமலாப நிதியோ ஊழியர் நம்பிக்கை நிதியோ இல்லை. அவர் மறைவின் பின் வேறெந்தக் கொடுப்பனவும் எமக்குக் கிடைக்கவில்லை. 2023ஆம் ஆண்டு அஸ்வெசும விண்ணப்பத்தின்போது வீட்டில் இருவர் உழைப்பதாகவே பதியப்பட்டிருந்ததால் எமது குடும்பம் தெரிவாகவில்லை. அன்றைய நிலைமை அதுவே. இன்று அது மாறிவிட்டது.

மரணச் சான்றிதழ் பற்றி ஒரு விடயத்தைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியுள்ளது. கணவரின் அடையாள அட்டையிலும் எமது விவாகச் சான்றிதழிலும் "பெரியசாமி சிவலிங்கம்" என்றிருக்க, 2025 பெப்ரவரி 21ஆம் திகதி சிங்கள மொழியில் பதியப்பட்ட மரணச் சான்றிதழில் "பெரியசாமி சிவலிங்கன்" என்று உள்ளது. வைத்தியசாலையில் தந்த துண்டில் ஓரெழுத்து மாறியிருந்ததை, பிரேதத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் அவசரத்தில் நானும் மைத்துனரும் கவனிக்கவில்லை. பதிவிலும் அதுவே ஏறிவிட்டது. இருவரும் ஒருவரே என உறுதிப்படுத்தி, சமாதான நீதவான் முன்னிலையில் கையொப்பமிட்ட சத்தியக் கடதாசியை இத்துடன் இணைத்துள்ளேன். பதிவைத் திருத்துவதற்கும் தனியாக விண்ணப்பித்திருக்கின்றேன். அத்திருத்தம் வரும்வரை இவ்விண்ணப்பத்தை நிறுத்திவைக்காது பரிசீலிக்குமாறு வேண்டுகின்றேன்.

எனது வருமானத்தைப் பின்வருமாறு பிரகடனம் செய்கின்றேன். நான் இத்தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தொழிலாளி. நாட்சம்பளம் 1,350 ரூபா. மே மாதம் 12 நாட்பேரும், ஜூன் மாதம் 15 நாட்பேரும், ஜூலை மாதம் 11 நாட்பேருமாக மூன்று மாதங்களில் 38 நாட்பேர் பெற்றுள்ளேன். இதற்கான மொத்தச் சம்பளம் 51,300 ரூபா, அதாவது மாதச் சராசரி 17,100 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதமாகிய 1,368 ரூபா கழிந்தபின் கையில் வருவது 15,732 ரூபா. ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குப் பறிப்பதால் மாதம் சுமார் 1,200 ரூபா கிடைக்கிறது. சம்பளத் துண்டில் காணப்படாத தொகையாயினும் அதை மறைக்க விரும்பவில்லை. காணியோ, வாடகை வருமானமோ, வெளிநாட்டுப் பணமோ கிடையாது, காம்பராவும் தோட்டத்துக்குரியதே. மூன்று மாதச் சம்பளத் துண்டுகளும் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்திய வருமானச் சான்றும் இணைக்கப்பட்டுள்ளன.

இவ்வருமானத்தில் நால்வர் வாழ்கின்றோம். மகன் 4ஆம் தரத்திலும் மகள் 9ஆம் தரத்திலும் படிக்கிறார்கள். கணவரின் தாயாருக்கு 68 வயது. பக்கவாதத்தினால் படுக்கையில் இருக்கிறார். 70 வயது நிறைவடையாததால் முதியோர் கொடுப்பனவுக்கு இன்னும் உரித்தில்லை. நான் மலைக்குப் போனால் அவருக்குக் கஞ்சி ஊட்டி உடை மாற்ற ஆளில்லை. வீட்டிலிருந்தால் பேர் விழாது. ஜூலையில் 11 நாளே வேலை செய்ததற்குக் காரணம் இதுதான். மகள் கடந்த இரண்டு மாதங்களாக வாரத்தில் இரண்டு நாள் பாடசாலைக்குச் செல்லாமல் பாட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். உதவிப்பணம் கிடைக்குமாயின், பக்கத்துக் காம்பராவில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவருக்குச் சிறு தொகை கொடுத்துப் பகலில் மாமியாரைப் பார்க்கச் செய்து, மகளை ஐந்து நாளும் பாடசாலைக்கு அனுப்ப எண்ணியுள்ளேன்.

கொடுப்பனவை மக்கள் வங்கியின் நுவரெலியாக் கிளையில் சிவலிங்கம் சரஸ்வதி என்ற பெயரிலுள்ள, 014-2-001-8-0000371 இலக்கச் சேமிப்புக் கணக்கில் வைப்பிலிடுமாறு கேட்டுக்கொள்கின்றேன். இது என் தனிக் கணக்கு. கணவரின் பெயர் இதில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கப் பிரதியுடன் அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், மாமியாரின் மருத்துவ அறிக்கை ஆகியவற்றின் பிரதிகளும் உள்ளன. மூலப்பிரதிகளை எந்நாளிலும் நேரில் காட்டத் தயாராக உள்ளேன். சமூக சேவை உத்தியோகத்தர் வீட்டைப் பார்வையிட வருவதாயின், மாலை ஐந்து மணிக்குப் பின்னரோ ஞாயிறு பிற்பகலிலோ நான் வீட்டில் இருப்பேன்.

மேற்கூறிய யாவும் உண்மையென உறுதியளிக்கின்றேன். வருமானத்திலோ குடும்ப நிலையிலோ மாற்றம் ஏற்படின் உடனே அறிவிப்பேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
சி. சரஸ்வதி