எங்கள் அப்பா அம்மாவுக்கு வெள்ளி விழா

இந்த ஆவணியோடு எங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமாகி 25 வருடம். "இதுக்கெல்லாம் எதுக்குடா ஆர்ப்பாட்டம்?" என்று அப்பா சொல்லிவிட்டார். "கேக் கீக் வாங்கினீங்க, நான் சமையலறையை விட்டு வெளியே வரமாட்டேன்" என்று அம்மா. சரி, எழுதவாவது விடுவார்கள் என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்துவிட்டோம். எழுதுவது அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து "அதை விட்டுட்டியே" என்று உயிரை எடுப்பது தம்பி.

அப்பாவுக்கு ஊர் பெரம்பூர், வேலை ஐ.சி.எஃப்.பில். அம்மா மயிலாப்பூர். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29C மயிலாப்பூர் வழியாகப் போகிறது என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும். 2000இல் நிச்சயம் முடிந்ததும் அப்பாவுக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டதாம். வெள்ளிக்கிழமை ஆனால் போதும், ஷிஃப்ட் முடிந்து நேராக 29C பிடித்து கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போய்விடுவாராம். அதே வெள்ளிக்கிழமை, அதே நேரத்தில், அம்மாவும் வடக்கு மாட வீதியில் பூ வாங்க வருவாராம். இது அத்தை தந்த தகவல். அப்பா இன்றுவரை "சாமி கும்பிடத்தான் போனேன்" என்கிறார். பெரம்பூரில் கோயிலே இல்லையா அப்பா?

கல்யாண வீடியோ கேசட்டை இந்த மாதம்தான் கணினிக்கு மாற்றினோம். ஓரங்களில் பூஞ்சை பிடித்திருந்தது, ஆனால் படம் தப்பித்துவிட்டது. ரோஜாப்பூ விரிகிறது, உள்ளே அப்பா முகம். ரோஜாப்பூ மூடுகிறது, திறந்தால் அம்மா. அப்பாவின் மீசையை அளந்து பார்க்க வேண்டும் என்று தம்பி ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்தான். நாதஸ்வரம் உச்சத்தில் போய்க்கொண்டிருக்க, தாலி கட்டும்போது அப்பாவின் கை நன்றாகவே நடுங்குகிறது. அப்போது அம்மா குனிந்த தலையை நிமிர்த்தாமல் ஜடையைக் கொஞ்சம் ஒதுக்கி விடுகிறார், முடிச்சுப் போட வசதியாக. ரிவைண்ட் செய்து பலமுறை பார்த்தோம். இந்த வீட்டில் எல்லாமே அன்று தொடங்கி இப்படித்தான் நடக்கிறது.

அம்மா பிளஸ் டூவோடு நிறுத்தியவர். கல்யாணத்துக்குப் பிறகு "படிக்கிறியா?" என்று கேட்டது அப்பா. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தபால் வழியில் பி.காம். சேர்ந்தார். கையில் நான் (அக்கா) குழந்தை. ஊரில் 2003-04 தண்ணீர்ப் பஞ்சம் வேறு. வீராணம் தண்ணீர் வந்து சேரும்வரை மெட்ரோ வாட்டர் லாரி எந்நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. லாரிச் சத்தம் கேட்டால் அம்மா புத்தகத்தை மூடக்கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். குடங்களை அவரே இரண்டாவது மாடிக்குத் தூக்கி வந்தார். பரீட்சை நாட்களில் லீவு போட்டுவிட்டு, என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மையத்தின் வாசலில் நின்றிருக்கிறார். அந்த நாட்களில் வீட்டில் எலுமிச்சை சாதம் மட்டும்தான். அப்பாவுக்கு வேறு சமைக்கத் தெரியாது, இன்றும் தெரியாது. எங்கள் ஹாலில் கல்யாண போட்டோ சின்னதாகவும், அம்மா பட்டமளிப்பு அங்கியில் நிற்கும் போட்டோ அதைவிடப் பெரியதாகவும் மாட்டியிருப்பதன் காரணம் வருகிறவர்களுக்குப் புரியாது. ஆணி அடித்தது அப்பா.

சண்டைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம், இல்லையென்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஃபேன் ஐந்தா மூன்றா. கோயம்பேட்டில் வாங்கிய முருங்கைக்காய் முற்றலா இல்லையா. ஆடித் தள்ளுபடியில் ரங்கநாதன் தெருவுக்குப் போவது தேவையா (தேவையில்லை என்று வாதாடிவிட்டு, எல்லாப் பைகளையும் சுமந்துகொண்டு கடை வாசலில் நிற்பது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை). சண்டை முற்றினால் எங்கள் வழியாகப் பேசிக்கொள்வார்கள். "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." அப்பா அப்போது ஒரு அடி தள்ளி நின்றுகொண்டிருப்பார்.

2015 டிசம்பரை நாங்கள் இருவரும் மறக்கமாட்டோம். அம்மா அப்போது கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தேதி சாயங்காலம் கிளம்பியவரால் அசோக் நகருக்கு மேல் வர முடியவில்லை. தோழி வீட்டில் தங்குகிறேன் என்று ஒரு போன். அதோடு லைன் போய்விட்டது. கரண்டும் இல்லை. ராத்திரி முழுக்க அப்பா பேசவே இல்லை. விடிந்ததும் பாட்டியிடம் எங்களை விட்டுவிட்டு, ஒரு ஃபிளாஸ்க்கில் காபியும், பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு உலர்ந்த புடவையுமாகக் கிளம்பினார். பெரும்பாலும் நடைதான். அசோக் நகரில் தெருத் தெருவாக விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தால், அம்மா கிளம்பிப் போயாகிவிட்டது!

அம்மா ஏதோ ஒரு வேனில் கொஞ்சம், தண்ணீரில் நடந்து கொஞ்சம் என்று மத்தியானம் வீடு வந்து சேர்ந்தார். வந்ததும் முதல் கேள்வி, "அப்பா எங்கே?" சொன்னோம். ஈரப் புடவையை மாற்றக்கூட இல்லை. தெருமுனையில் போய் நின்றவர், இருட்டும்வரை உள்ளே வரவில்லை. அப்பா வந்ததும் இரண்டு பேரும் நடுத்தெருவில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். "நான் வருவேன்னு உனக்குத் தெரியாதா?" "நான் வந்துடுவேன்னு உங்களுக்குத் தெரியாதா?" இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். அப்புறம் அம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்து, ஆறிப்போன அந்தக் காபியை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். சூடு கொஞ்சம் குறைந்தாலே டம்ளரைத் தள்ளிவைக்கிறவர் அவர். எனக்குப் பதின்மூன்று வயது, தம்பிக்குப் பத்து. அன்று பார்த்ததை வைத்துத்தான் கல்யாணம் என்றால் என்னவென்று நாங்கள் தெரிந்துகொண்டோம்.

இனி பரிசு விஷயம். நீங்கள் இரண்டு பேரும் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு எங்கேயும் போனதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போகிறீர்கள். கொடைக்கானல், பாண்டியன் எக்ஸ்பிரஸில் கொடை ரோடு வரை. டிக்கெட், அறை எல்லாம் என் சம்பளத்திலும் தம்பியின் பகுதிநேர வேலைப் பணத்திலும் போட்டாகிவிட்டது, ரத்து செய்ய முடியாது. அம்மா, புளியோதரையை இரண்டு பேருக்கு மட்டும் கட்டு, கம்பார்ட்மென்டுக்கே வேண்டாம். அப்பா, ரெயில் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் ஸ்டேஷனில் போய் உட்கார வேண்டாம். பெட்டி ஐ.சி.எஃப்.பில் எந்த வருடம் செய்தது என்று நீங்கள் தகடைத் தேடிப் பார்க்கப் போவது தெரியும், அதற்கு அனுமதி உண்டு. காஸை மூடினீர்களா, மோட்டாரை நிறுத்தினீர்களா என்று ஒரு நாளைக்கு ஒரு போன் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு நம் வீட்டு மொட்டை மாடியில் எல்லோரும் கூடுகிறோம். அத்தை, மாமா, சித்தி, மயிலாப்பூர் பாட்டி, ஐ.சி.எஃப். மாமாக்கள் எல்லோரும் வாருங்கள். அந்த வீடியோவை வெள்ளை வேட்டியில் திரை கட்டிப் போடுகிறோம், மீசை உட்பட. சாப்பாடு வெளியிலிருந்து வருகிறது, ஆகவே அம்மா சமையலறைக்குள் ஒளிய முடியாது. கேக்கும் உண்டு.